ஒரு ஸ்டார் போட்டவருக்கு வக்கீல் நோட்டீஸா, பதிலா?

வாசகர் கடிதம்

"வணக்கமுங்க மேடம். கோத்தகிரியில பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேல சின்னதா புத்தகக் கடை வச்சிருக்கேன், புதுசும் பழசும் கலந்து விக்கிறேன். நவம்பர் மழையில வந்த ஒருத்தர் கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு, 'ஈரம் புடிச்ச பழைய புக்க புது விலைக்கு விக்கிறாங்க, மாத்திக் கேட்டா ஓனர் திட்றார், திருட்டுக் கடை'ன்னு எழுதிட்டாருங்க. மொத்தமே பத்து ரிவ்யூதான் இருந்துச்சு, 4.8ல இருந்து 4.5க்கு வந்துடுச்சு. புக்கு நமுத்திருந்தது நெசந்தான், ஆனா அது புது புக்கு. 'விற்ற புத்தகம் வாபஸ் இல்லை'ன்னு கடையில போர்டே இருக்கு, அதைக் காட்டித்தான் பேசினேன், கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். நண்பர் ஒருத்தர் மானநஷ்ட வழக்கு போடு, அஞ்சு லட்சம் கேளுங்கறார். மகன் சொந்தக்காரங்கள வச்சு அஞ்சு ஸ்டார் போடலாங்கறான். அவர் ஜிபே பண்ணின நம்பர் என்கிட்ட இருக்கு, அதைப் பதில்ல போட்டு ஆளைக் காட்டிடலாமான்னும் தோணுது. ஏப்ரல்ல சீசன் வந்துடும். என்ன பண்ணட்டுங்க?"

— புத்தகக் கடைக்காரர், கோத்தகிரி

வக்கீல் பதில்

வணக்கம் அண்ணா. நோட்டீஸ் எழுதுறது என் தொழில்ல பாதி, ஆனா உங்க விஷயத்துல இப்போதைக்கு நோட்டீஸ் வேண்டாம், பதில் எழுதுங்கன்னுதான் சொல்வேன், அதுவும் இந்த வாரமே. காரணத்த சொல்றேன். இங்க குன்னூர்ல இதே மாதிரி ஒரு புத்தகக் கடையில நடந்ததையும் கொஞ்சம் விரிவா சொல்றேன், அந்தக் கடையை நடத்தற அம்மா எழுதிக்கோங்கன்னு சொன்னதால அடையாளத்த மட்டும் மாத்தியிருக்கேன்.

அந்த ரிவ்யூவுக்குள்ள மூணு விஷயம் இருக்கு

கோவத்துல படிக்கறப்ப அது ஒரே அடியா தெரியும், பிரிச்சுப் பாத்தா வேற மாதிரி. புக்கு ஈரமா இருந்துச்சுங்கறது அவர் கையில பட்டது, நீங்களே ஒத்துக்கறீங்க. ஓனர் திட்றாருங்கறது அவருக்கு நடந்தது, சத்தம் போட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூணாவதா 'பழச புது விலைக்கு', அதோட வால் மாதிரி 'திருட்டுக் கடை'. தப்பா இருக்கறது இந்த மூணாவது மட்டும்தான். அதுலயும் பாருங்க, ஓரம் அலை அலையா நெளிஞ்சு, தாள் பழுப்படிச்சு, பூஞ்சண வாசம் வர்ற ஒரு புக்கப் பாத்தா பழசுன்னு நினைக்கறது யாருக்கும் வர்ற நினைப்பு. அவர் பொய் சொல்லணும்னு சொல்லல, தப்பா புரிஞ்சுக்கிட்டார்.

சட்டத்துல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். அவதூறு குற்றம் இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 356-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 499, 500-க்கு பதிலா இதுதான். ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல், இல்ல அபராதம், இல்ல ரெண்டும், இல்ல சமூக சேவைன்னு தண்டனை இருக்கு. இதக் கேட்டுட்டுத்தான் உங்க நண்பர் அவ்வளவு தைரியமா பேசுறார்னு நினைக்கறேன். ஆனா அதே பிரிவுல விதிவிலக்குகளும் வரிசையா இருக்கு, நல்லெண்ணத்தோட மத்தவங்களை எச்சரிக்க சொன்னது அதுல ஒண்ணு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் எஃப்ஐஆர் போடுங்கன்னும் கேட்க முடியாது, இது நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டுல தனிப் புகாரா போட வேண்டியது, வாய்தாவுக்கு வாய்தா கடையைச் சாத்திட்டு வரணும்.

நஷ்டஈடு கேக்கற சிவில் வழக்குன்னா, ரிவ்யூ வந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அஞ்சு லட்சம் கேட்டா நம்ம மாநிலத்துல கோர்ட்டு ஃபீஸ் 3 சதவீதம், அதாவது 15,000 ரூபா முன்னாடியே கட்டணும், வக்கீல் ஃபீஸ் தனி. கட்டிட்டு கோர்ட்டுல நின்னா எதிர்த்தரப்பு என்ன பண்ணும், அந்த நமுத்த புக்க எடுத்து ஜட்ஜ் முன்னாடி வைக்கும். அதுக்கப்புறம் உங்க வாயாலயே "ஆமா, ஈரந்தான், ஆமா, சத்தம் போட்டேன்"னு சொல்லணும், அதோட அந்த அஞ்சு லட்சத்துக்கு நஷ்டம் என்னன்னு கணக்கும் காட்டணும். நோட்டீஸ் மட்டும் அனுப்பி மிரட்டிப் பாக்கலாமேன்னா, அந்த நோட்டீஸ ஃபோட்டோ எடுத்து அதே ரிவ்யூவுக்குக் கீழயே சேத்துடுவாங்க, அப்படி நடந்து நான் பாத்திருக்கேன். ஒரு ஸ்டாரை விட அந்த ஃபோட்டோதான் அப்புறம் கடைக்கு அதிக கெடுதல் பண்ணுது.

அந்த போர்டு பத்தி

இதை மெதுவாத்தான் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல பாதிக் கடையில இந்த போர்டு தொங்குது, எல்லாரும் அது சட்டம்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி, குறையுள்ள பொருள வித்துட்டு திருப்பி வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு சொல்றது முறையற்ற வணிக நடைமுறை. பில்லுல எத்தனை நாள்னு போட்டிருந்தா அத்தனை நாள், ஒண்ணும் போடலைன்னா 30 நாள். பில்லே கொடுக்காம விக்கறதும் அதே பட்டியல்ல வருது. படிச்சுப் பாத்தேன் பிடிக்கல, வீட்டுல ஏற்கனவே ஒரு காப்பி இருக்குன்னு வர்றவங்களுக்கு உங்க போர்டைக் காட்டலாம், அது வேற. ஈரம் ஏறின புக்கு, பக்கம் விட்டுப்போன புக்கு, இதுக்கெல்லாம் அந்த போர்டு செல்லாது.

அப்ப நிலைமை எப்படின்னா, நீங்க அவர் மேல வழக்கு போட 15,000 கட்டணும், அவர் உங்க மேல நுகர்வோர் ஆணையத்துல புகார் போட ஒரு பைசா கட்ட வேண்டாம், அஞ்சு லட்சம் வரைக்குமான பொருளுக்குப் புகார் ஃபீஸே கிடையாது, ரெண்டு வருஷம் டைமும் இருக்கு. ஊட்டியிலதான் போடணும்னும் இல்ல, புகார்தாரர் தான் குடியிருக்கற ஊர்லயே போடலாம்னு இந்தச் சட்டம் சொல்லுது. அவர் சென்னைக்காரரோ திருச்சிக்காரரோ, நீங்கதான் மலையிறங்கிப் போகணும். உங்களைப் பயமுறுத்தச் சொல்லல அண்ணா, சண்டைன்னு வந்தா பலம் யார் பக்கம்னு தெரிஞ்சுட்டு முடிவு பண்ணுங்கன்னுதான்.

மகன் சொன்னதும், ஜிபே நம்பரும்

ரெண்டும் வேண்டாம். வாங்காதவங்க வாங்கின மாதிரி எழுதற ரிவ்யூ கூகுள் விதிப்படியே தப்பு, சொந்தக்காரங்க எழுதறது இன்னும் தெளிவா தப்பு, கண்டுபிடிச்சா தூக்கிடுவாங்க. அதை விட, பத்து ரிவ்யூ இருந்த கடையில ஒரே வாரத்துல எட்டு அஞ்சு ஸ்டார் ஒரே மாதிரி "சூப்பர் கடை"ன்னு வந்தா படிக்கறவங்களுக்குப் புரியாதா? உங்க பழைய பத்து நல்ல ரிவ்யூவும் அதோட சேந்து சந்தேகத்துல போயிடும். ஃபோன் நம்பர், பேர், என்ன வாங்கினார், எப்ப பணம் அனுப்பினார், இது எதையும் பொதுவுல போடக் கூடாது. பணம் வாங்கறதுக்காகக் கிடைச்ச நம்பர் அது, ஆளைக் காட்டிக் கொடுக்கக் கிடைச்சது இல்ல. அதைப் போட்ட நிமிஷம் நீங்க பாதிக்கப்பட்டவர்ங்கற இடத்துல இருந்து பாதிச்சவர்ங்கற இடத்துக்குப் போயிடுவீங்க, வழக்கு போடற காரணம் அவர் கையில வந்துடும்.

குன்னூர் கடையில நடந்தது

மேல் குன்னூர்ல ஒரு மாடிப்படிக்குக் கீழ இருக்கற கடை அது. மூணு பேர் நின்னா நாலாவது ஆள் வாசல்ல நிக்கணும். வீட்டுக்காரர் வச்சிருந்தது, அவருக்கு உடம்பு முடியாமப் போனதும் அந்தம்மா எடுத்து நடத்தறாங்க. லீவுக்கு வந்த ஒருத்தர் அங்க ஒரு நாவல் வாங்கிட்டுப் போய், ஊர் போய்ச் சேந்து படிச்சு முடிக்கப் போறப்ப கடைசிப் பக்கங்கள் இல்ல. ஃபோன் பண்ணியிருக்கார், யாரும் எடுக்கல. ஒரு ஸ்டார். "உள்ள நின்னா மூச்சு முட்டும், கடைசி 16 பக்கம் இல்லாத நாவலைத் தள்ளி விட்டுட்டாங்க, ஃபோனும் எடுக்க மாட்டாங்க, புத்தகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க எதுக்கு இந்தத் தொழிலுக்கு வரணும்"னு எழுதியிருந்தார்.

அந்தம்மா என் ஆபீஸுக்கு வரப்பவே ரெண்டு பக்கம் கையால பதில் எழுதிட்டு வந்தாங்க, அதைத் தட்டச்சு பண்ணி நோட்டீஸா அனுப்பணும்னு. படிச்சேன். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா புத்தகத்தோட வாழ்ந்தவர்ன்னு ஆரம்பிச்சு, உங்க மாதிரி டூரிஸ்டுங்க குப்பை போட்டுட்டுப் போறவங்கன்னு முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு பக்கத்துல அந்த 16 பக்கத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல. எந்த வரி உங்களுக்கு வலிச்சதுன்னு கேட்டேன், "ஒண்ணும் தெரியாதவங்கன்னு எழுதிட்டாரே"ன்னாங்க, கண்ணு கலங்கிடுச்சு. நியாயமான வலி அது. ஆனா கடைக்கு வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு ரிவ்யூ படிக்கற ஒரு மூணாவது மனுஷருக்கு அந்த வலியைப் பத்தித் தெரிய வேண்டியது எதுவும் இல்ல, அவருக்கு வேணுங்கறது அந்த 16 பக்கம் என்ன ஆச்சுங்கறதுதான். முதல்ல போய் அதைப் பாத்துட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டேன்.

புத்தகத் தொழில்ல இருக்கறவங்களுக்கு 16 பக்கம்னாலே பாதி விஷயம் புரிஞ்சுடும், அது ஒரு பாரம். பெரிய தாள்ல அச்சடிச்சு மடிச்சு வர்ற ஒரு கட்டு, அதை வரிசையா அடுக்கித்தான் பைண்டிங் போடறாங்க, அடுக்கற இடத்துல ஒண்ணு விட்டுப்போயிடும், சில நேரம் ஒரே பாரம் ரெண்டு தடவை சேந்துடும். கடைக்காரர் பிச்சு எடுக்கறதும் இல்ல, பழசை விக்கறதும் இல்ல, அச்சகத்துல நடக்கற குறை. அந்தம்மா கடைக்குப் போய் அதே நாவலோட மிச்ச பிரதிகளை எடுத்து பக்க எண் பாத்தாங்க, இன்னொண்ணுலயும் அதே பாரம் இல்ல. பதிப்பகத்துக்கு ஃபோன் போட்டாங்க, திருப்பி அனுப்புங்க மாத்தித் தர்றோம்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க எழுதின பதில் இது, நான் ரெண்டு இடத்துல மட்டும் கை வச்சேன்:

> வணக்கம் சார். நீங்க வாங்கின நாவல்ல கடைசி பாரம், அதாவது 16 பக்கம், பைண்டிங்கில விட்டுப்போயிருக்கு. கடையில இருந்த மத்த பிரதிகளையும் பாத்தேன், இன்னொண்ணும் அப்படித்தான் இருக்கு, அதைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்புறேன். விக்கறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். முழுப் பிரதி ஒண்ணு உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், கடை நம்பருக்கு விலாசம் அனுப்பினா என் செலவுல கூரியர் பண்றேன், பணமா வேணும்னாலும் தர்றேன். ஃபோன் எடுக்காததுக்கு மன்னிக்கணும், மதியம் 2-ல இருந்து 3 வரைக்கும் கடை சாத்தியிருக்கும். கடை சின்னதுதான், அதை மாத்த முடியல. உள்ள இடம் இல்லைன்னா வெளிய ஒரு பெஞ்ச் இருக்கு, உக்காந்து எந்தப் புத்தகம் வேணும்னு சொன்னா கொண்டு வந்து தர்றேன்.

நான் கை வச்ச ஒரு இடம், "அச்சகத்துத் தப்பு, எங்க தப்பு இல்ல"ன்னு இருந்த வரி, எடுக்கச் சொன்னேன். உண்மைதான், ஆனா வாங்கினவருக்கு அச்சகம் யாருன்னே தெரியாது, அவர் பணம் கொடுத்தது கடைக்கு, சட்டமும் விக்கறவர் கிட்டயே கேக்க விடுது. இன்னொண்ணு, "தயவு செஞ்சு ரேட்டிங்கை மாத்துங்க"ன்னு கடைசியில கேட்டிருந்தாங்க, அதையும் எடுத்தோம். அப்படிக் கேட்டா மேல எழுதின அத்தனையும் அந்த ஸ்டாருக்காக எழுதின மாதிரி ஆயிடும். "தெரியாதவங்க"ங்கற வரிக்கு பதில் எங்கயுமே இல்ல பாருங்க, ஆனா பாரம்னு ஒரு சொல்ல சரியா சொன்ன விதத்துலயே பதில் இருக்கு.

போட்டப்புறம் கொஞ்ச நாள் ஒண்ணுமே நடக்கல. எழுதினவர் வாயே திறக்கல. அந்தம்மா என்கிட்ட "பேசாம நோட்டீஸே அனுப்பியிருக்கலாமோ"ன்னு கூட கேட்டாங்க. அப்புறம் வெலிங்டன்ல இருந்து ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க வந்து, கடைக்குள்ள நுழையாம நேரா பெஞ்ச்ல உக்காந்து, "முட்டி வலி, நிக்க முடியாது, நீங்க கொண்டு வந்து காட்டுவேன்னு எழுதியிருந்தீங்களே"ன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்கு ஒரு பை நிறைய வாங்கிட்டுப் போனாங்க, மாசா மாசம் வர்றாங்க. அடுத்து அருவங்காட்டுல இருந்து சின்னக் குழந்தையோட ஒரு அம்மா, கடையை மேப்ல பாத்ததும் குறைஞ்ச ரேட்டிங்கைத்தான் முதல்ல திறந்து படிப்பாங்களாம், நல்லதா எழுதினவங்க எல்லாம் ஒரே மாதிரி எழுதறாங்க, திட்டினதுக்கு என்ன பதில் சொல்றாங்கன்னு பாத்தாத்தான் கடை எப்படின்னு தெரியும்னாங்களாம். வேற ஒரு பெரியவர், எங்கயோ புத்தகக் கண்காட்சியில வாங்கின புக்குல நடுவுல பாரம் ரெண்டு தடவை வந்திருக்குன்னு தூக்கிட்டு வந்துட்டார், இந்தக் கடையில வாங்கினதே இல்ல அது. அந்தம்மா மாத்தித் தர முடியாது, ஆனா எந்தப் பதிப்பகம், யாருக்குப் பேசணும், எந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. அவர் இன்னைக்கு வரைக்கும் புது நாவல் எல்லாம் அங்கதான் சொல்லி வச்சு வாங்கறார்.

புதுசா யார் வந்தாலும் எப்படித் தெரிஞ்சு வந்தீங்கன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்கன்னு சொல்லியிருந்தேன். அதனாலதான் இவ்வளவு தெளிவா சொல்ல முடியுது, இல்லைன்னா சீசன் கூட்டம்னு நினைச்சிருப்போம். நோட்டைப் பாத்தா வந்தவங்கள்ல பெரும்பாலும் டூரிஸ்டுங்க இல்ல, பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கற நம்ம ஆளுங்க, இத்தனை வருஷமா அந்த மாடிப்படிக்குக் கீழ கடை இருக்கறதே தெரியாதவங்க. எழுதினவரும் ஒரு நாள் விலாசம் அனுப்பினார், பிரதி போச்சு, ரேட்டிங்கை மூணு ஸ்டாரா மாத்திட்டு, சொன்னபடி அனுப்பிட்டாங்க, ஆனா கடை ரொம்பச் சின்னதுன்னு எழுதி வச்சார். அந்தம்மா அதுக்கு ஒண்ணும் சொல்லல, கடை சின்னதுதானே.

இதுல இருந்து பணிவா பேசினா ஆள் வருவாங்கன்னு மட்டும் எடுத்துக்காதீங்க அண்ணா. "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, சேவையை மேம்படுத்துவோம்"னு ஹோட்டல்கள் எல்லாம் பணிவாத்தான் எழுதுது, அதைப் படிச்சு யாரும் ரூம் போடறதில்ல. அந்தம்மா பதில்ல பெஞ்ச் இருக்கு, மதியம் சாத்தியிருக்கும், குறையிருந்தா மாத்துவாங்க, பதிப்பகத்தோட பேசத் தெரியும்னு நாலு தகவல் இருந்துச்சு, அந்தத் தகவலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொருத்தரும் வந்தாங்க. அதுக்கு ஒரு விலையும் உண்டு. இப்ப ஒவ்வொரு கட்டு வந்ததும் உக்காந்து பக்க எண் பாக்க வேண்டியிருக்கு, சுருக்குக் கவர் போட்டு வர்ற புக்க வாங்கறவர் முன்னாடியே பிரிச்சுப் பாத்துக் கொடுக்கறாங்க. பதில்ல எழுதினது வாக்கு, அப்புறம் அதைத் தினமும் செய்யணும்.

உங்க பதில்

எழுதறதுக்கு முன்னாடி மூணு வேலை முடிங்க, இல்லைன்னா பதில் பொய்யாயிடும். போர்டைக் கழட்டுங்க, வேணும்னா "குறையுள்ள புத்தகம் பில்லுடன் 30 நாளுக்குள் மாற்றித் தரப்படும்"னு புதுசா எழுதுங்க. அந்தப் புக்கோட பதிப்பு வருஷத்த உரிமைப் பக்கத்துலயும், நீங்க வாங்கின பில்லு தேதியையும் பாத்து எடுத்து வைங்க, புதுசுன்னு சொல்றதுக்கு ஆதாரம் அதுதான். மூணாவது, ஈரம்.

கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெருசு, அக்டோபர், நவம்பர்ல வெளிச்சுவர் உள்பக்கம் வேர்க்கும், அதை ஒட்டின அலமாரியில இருக்கற புக்குதான் முதல்ல நமுக்கும். அலமாரியைச் சுவர விட்டு ஒரு கையகலமாவது தள்ளி வைங்க, கீழ்த்தட்டைக் காலியா விடுங்க, புக்க இறுக்கி அடைக்காம காத்து போற அளவுக்கு நிறுத்துங்க. ஈரம் வரக் கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி வைக்கறோம் பாருங்க, ஏற்கனவே உள்ள இருக்கற ஈரத்த அது வெளிய விடாது, பூஞ்சணம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒண்ணும் பண்ணாது, வாசம்தான் மிச்சம். தட்டுக்கு ஒரு கிண்ணம் சிலிக்கா ஜெல் வச்சு, ஈரம் இழுத்ததும் காய வச்சுத் திரும்ப வைங்க. பூஞ்சணம் வந்த புக்க ஈரத்துணியால துடைக்காதீங்க, தனியா எடுத்து, நல்லா காய வச்சு, வெளிய கொண்டு போய் மூக்கு வாயக் கட்டிக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க. நமுத்ததை எல்லாம் 'ஈரம் பட்டது'ன்னு பென்சில்ல முதல் பக்கத்துல எழுதி விலை குறைச்சுத் தனி தட்டுல வைங்க, அப்புறம் பழச புது விலைக்குன்னு யாரும் சொல்ல வழியே இல்ல.

இதெல்லாம் ஆனப்புறம் இப்படி எழுதலாம், உங்க வார்த்தையில மாத்திக்கோங்க:

> வணக்கம் சார். நீங்க வாங்கினது புதுப் பதிப்புதான், ஆனா நவம்பர் மழையில சுவர் பக்கத்து அலமாரியில இருந்து ஈரம் ஏறிடுச்சு. அதை முழு விலைக்கு நான் கொடுத்திருக்கக் கூடாது, நீங்க மாத்திக் கேட்டப்ப போர்டைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கவும் கூடாது, மன்னிச்சுக்கங்க. அந்தப் போர்டை எடுத்துட்டேன். நல்ல பிரதியா, முழுப் பணமா, எது வேணும்னு கடை நம்பருக்குச் சொல்லுங்க, அனுப்பற செலவு என்னோடது. அலமாரியைச் சுவர விட்டு நகர்த்தியாச்சு, ஈரம் பட்ட புத்தகங்களை இப்ப தனியா விலை குறைச்சு வச்சிருக்கோம்.

வக்கீலா ஒரு எச்சரிக்கை சொல்லணும், பொதுவுல தப்ப ஒத்துக்கிட்டா அதை நாளைக்கு ஆணையத்துல உங்களுக்கு எதிரா காட்டலாம். அதனால நடந்ததுக்கு மேல ஒரு வார்த்தை ஒத்துக்காதீங்க, "இனிமே இப்படி நடக்கவே நடக்காது"ன்னு உத்தரவாதமும் கொடுக்காதீங்க, மலை மழை உங்க கையில இல்ல. ஆனா இதுல நீங்க ஒத்துக்கறது ஒரு புக்கோட விலை, அதையும் கூடவே திருப்பித் தர்றேன்னு எழுதறீங்க, மாத்தித் தர்றேன்னு எழுத்துல சொன்ன கடைக்காரர் மேல புகார் போனாலும் அது உங்களுக்குச் சாதகமாத்தான் நிக்கும். 'திருட்டு'ங்கற வார்த்தையைப் பதில்ல திரும்ப எழுதாதீங்க, மறுத்தாலும் உங்க கடைப் பேரோட அந்த வார்த்தை இன்னொரு தடவை நிக்கும். பதில் போட உங்க கடை கூகுள்ல உங்க பேர்ல வெரிஃபை ஆகியிருக்கணும், ஆகலைன்னா மகனை அதைச் செய்யச் சொல்லுங்க, அவன் ஆர்வத்துக்கு நல்ல வேலை அது. பதிலை அப்புறம் திருத்தவும் முடியும், எழுதினவருக்கும் பதில் வந்திருக்குன்னு தகவல் போயிடும்.

எல்லா ரிவ்யூவுக்கும் இந்த வழின்னு சொல்லல. கடைக்கே வராத ஆள் எழுதினது, போட்டிக் கடைக்காரர் எழுதினது, சாதியைச் சொல்லித் திட்டறது, வீட்டுப் பொண்ணுங்களைப் பத்தி எழுதறதுன்னா பதில் எழுதாம நேரா கூகுள்ல ரிப்போர்ட் பண்ணுங்க. அவங்க விதியை மீறினாத்தான் எடுப்பாங்க, எனக்குப் பிடிக்கலைங்கறது காரணம் ஆகாது. பணம் கொடு இல்லைன்னா ஒரு ஸ்டார் போடுவேன்னு எவனாவது கேட்டா அது மிரட்டிப் பணம் பறிக்கறது, நியாய சன்ஹிதா 308, அதுக்குப் போலீஸுக்கே போகலாம். எதுவா இருந்தாலும் முதல்ல தேதியும் முகவரியும் தெரியற மாதிரி முழு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, எடுத்த ஃபோனை மாத்திடாதீங்க, கோர்ட்டுல கொடுக்கணும்னா புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் கேப்பாங்க.

பதில் போட்டப்புறம் அவர் திரும்பவும் கோவமா எழுதினா ரெண்டாவது பதில் போடாதீங்க அண்ணா, "பணமோ பிரதியோ கடையில இருக்கு, எப்ப வேணா வாங்கிக்கலாம்"னு முதல் பதிலோட கடைசியில ஒரு வரி மட்டும் சேத்துட்டு விட்டுடுங்க. அவர் நடக்காததைப் புதுசா சேத்து எழுதினாருன்னா மட்டும் ஸ்கிரீன்ஷாட்டோட எனக்கு அனுப்புங்க, ரிவ்யூ வந்த நாள்ல இருந்து ஒரு வருஷம் இருக்கு, நோட்டீஸ் பத்தி அப்ப பேசலாம்.